பிறந்த குழந்தையை ஃபேமிலி ஃப்ளோட்டரில் சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு ஏறும்?

கார்மேகம்_கோவை:
வணக்கம். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் பாலிசி இருக்கிறது. பாலிசி காலம் 1-12-2025 முதல் 30-11-2026 வரை. எனக்கு வயது 35, வரும் ஆகஸ்டில் 36 முடிகிறது. மனைவிக்கு 32. கட்டிய பிரீமியம் 18,400 ரூபாய். ஏப்ரல் 20 அன்று மகள் பிறந்தாள், இன்றைக்கு 68 நாள். பாலிசியில் மகப்பேறு கவரேஜ் கிடையாது.

ஏஜென்டிடம் கேட்டேன். "ரினியூவல்ல சேத்துக்கலாம் சார், ஆறாயிரம் ஆறாயிரத்து ஐநூறு கூட வரும்" என்றார். ஒரு கைக்குழந்தைக்கு இவ்வளவா? இப்போதே சேர்க்க முடியுமா, சேர்த்தால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
பாலிசில அப்பா அம்மா இருந்தா குழந்தை பிறந்த அன்னைக்கே ஆட்டோமேட்டிக்கா கவர் ஆயிடும் ப்ரோ. அந்த வருஷம் முடியிற வரைக்கும் தனியா காசு கிடையாது. ரினியூவல் அப்போ பேரைச் சேர்த்தா போதும்.

ஏட்டுச்சுவடி:
வைகைக்கரை சொல்வது ஒரு வகைப் பாலிசிக்கு மட்டும்தான் பொருந்தும். கம்பெனி ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் கவரேஜ் உண்டு. அங்கேயும் குறிப்பிட்ட நாளுக்குள் ஹெச்.ஆர். வழியாகப் பெயரைக் கொடுக்க வேண்டும். சொந்தமாக எடுக்கும் பாலிசிகளில், மகப்பேறு கவரேஜ் உள்ள சிலவற்றில் பச்சிளங்குழந்தைக்கும் சேர்த்து வரும். அதிலும் பெரும்பாலும் ஒரு உச்சவரம்பு இருக்கும். கார்மேகம் பாலிசியில் மகப்பேறே இல்லை என்கிறார். அப்படியானால் அவர் மகளுக்கு இன்றைய தேதியில் அந்தப் பாலிசியில் ஒரு ரூபாய் கவரேஜும் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஏஜென்ட் சொன்ன தொகை தப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் அது முழுக்கக் குழந்தைக்கான தொகை இல்லை. ரினியூவலில் இரண்டு ஏற்றங்கள் ஒன்றாக வந்து விழும்: ஒன்று குழந்தைக்கானது, மற்றொன்று உங்கள் வயதுக்கானது. கம்பெனி கட்டண அட்டவணையையே மாற்றியிருந்தால் மூன்றாவதாக அதுவும் சேரும். பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாமே குழந்தையால் ஏறியது போலத் தெரியும்.

உங்கள் திட்டத்தின் பிராஸ்பெக்டஸை கம்பெனி இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கங்களில் பிரீமியம் அட்டவணை இருக்கும். ஃப்ளோட்டருக்கு `2A`, `2A+1C`, `2A+2C` என்று தனித்தனியாகக் கட்டங்கள் இருக்கும். இரண்டு பெரியவர், இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும், என்று அர்த்தம். இடப்பக்கம் வயது வரிசை. குடும்பத்திலேயே மூத்தவரின் வயதைத்தான் அதில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். குழந்தையின் வயது இந்தக் கணக்கில் வரவே வராது.

கார்மேகம்_கோவை:
பார்த்தேன் சார். 10 லட்சத்துக்கு 26-35 வரிசையில் `2A` 18,400, `2A+1C` 22,050. அடுத்த வரிசை 36-45. அதில் `2A` 20,900, `2A+1C` 24,900.

ஏட்டுச்சுவடி:
கணக்கு அப்படியே வந்துவிட்டது. டிசம்பர் 1 அன்று நீங்கள் 36-45 வரிசைக்குப் போய்விடுவீர்கள். மகளோடு சேர்த்து 24,900. இப்போதைய 18,400-ஐக் கழித்தால் 6,500. ஏஜென்ட் சொன்ன தொகை இதுதான்.

இதில் குழந்தைக்காக ஏறுவது 22,050-க்கும் 18,400-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 3,650. மீதி 2,850 நீங்கள் வரிசை தாண்டியதால் வருவது. மகளைச் சேர்க்காமல் விட்டாலும் டிசம்பரில் 20,900 கட்டத்தான் வேண்டியிருக்கும்.

இப்போதே, பாலிசி நடுவில் சேர்த்தால் அந்த 3,650-ஐயும் முழுதாகக் கட்ட வேண்டாம். மீதமுள்ள நாளுக்கு மட்டும்தான். உங்கள் திட்டத்தில் குழந்தைக்கு நுழைவு வயது என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிறைய திட்டங்களில் 91 நாள் என்று இருக்கும். ஆரோக்ய சஞ்சீவனியில் 3 மாதம். உங்களுடையது 91 என்றால், ஜூலை 19-ல் 90 நாள் நிறைகிறது, 20-ஆம் தேதி 91. ஜூலை 20 முதல் நவம்பர் 30 வரை இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் 134 நாள். 3,650-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 10 ரூபாய். ஆக 1,340 ரூபாய்.

ஆகஸ்டில் உங்களுக்கு 36 ஆவதால் இந்த 1,340 மாறாது. பாலிசி தொடங்கிய அன்று இருந்த வயதுதான் அந்த ஆண்டு முழுக்கச் செல்லும்.

நிலாமுற்றம்:
ஜிஎஸ்டி 18% விட்டுட்டீங்களே? 1,340-க்கு இன்னும் 241 ரூபாய் வரும்.

ஏட்டுச்சுவடி:
22-9-2025 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது மேடம், ஃபேமிலி ஃப்ளோட்டரும் அதில் அடக்கம். இணையத்தில் கிடக்கும் பழைய கால்குலேட்டர்கள் இன்னும் 18% சேர்த்துக் காட்டுகின்றன. அந்த விலக்கு குரூப் பாலிசிக்குத்தான் இல்லை. கார்மேகம் பாலிசி டிசம்பரில் தொடங்கியது, அதனால் அட்டவணையில் உள்ள தொகைதான் கட்டும் தொகை.

தாமரைக்குளம்:
எங்க பாலிசியில இந்த மாதிரி கட்டமே இல்லைங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ரேட் போட்டு, கடைசில தள்ளுபடின்னு கழிச்சிருக்காங்க. அதுல குழந்தைக்குன்னு 5,000 போட்டிருக்கு. அப்போ 5,000 கூடுமா?

ஏட்டுச்சுவடி:
அது இரண்டாவது முறை. அதில் குழந்தையின் ரேட்டை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஆள் கூடக்கூடத் தள்ளுபடி சதவீதமும் கூடுவதுண்டு, அந்தத் தள்ளுபடி எல்லோர் தொகைக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும். ஒரு மாதிரிக்கு, கணவருக்கு 11,000, மனைவிக்கு 9,500, இரண்டு பேர் என்றால் 10% தள்ளுபடி என்று வைப்போம். 20,500-ல் 10% போக 18,450. குழந்தையின் 5,000 சேர்ந்தால் 25,500. மூன்று பேருக்கு 15% தள்ளுபடி என்றால் 21,675. ஆக உண்மையில் கூடுவது 3,225, 5,000 இல்லை. உங்கள் அட்டவணையில் சதவீதம் எப்படி இருக்கிறது என்று பார்த்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள். நடுவில் சேர்க்கும்போது கூடுதல் தள்ளுபடியை உடனே தருவார்களா, ரினியூவலில்தான் தருவார்களா என்பதை மட்டும் மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
சரி, முதல் நாள் கவரேஜ் விஷயத்துல நான் சொன்னது எங்க ஆபீஸ் பாலிசிய வெச்சுதான். ஆனா ஒண்ணு. 134 நாளுக்காக இவ்ளோ அலையணுமா? ஃபார்ம், சர்ட்டிஃபிகேட்னு ஓடுறதுக்கு டிசம்பர்ல ஒரேயடியா சேர்த்துடலாமே?

மருதாணி:
அந்த 134 நாளில்தான் விஷயமே இருக்கிறது. நான் கிளெய்ம் பிரிவில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாலிசி பெற்றோர் பெயரில் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும், குழந்தைக்கு வெயிட்டிங் பீரியட், அதாவது கிளெய்ம் செல்லாத காத்திருப்புக் காலம், அவள் சேர்ந்த தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். குடலிறக்கம், டான்சில், அடினாய்டு, விரைவீக்கம் மாதிரியானவை பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கின்றன. பெரியவர்களை நினைத்துப் போட்ட பட்டியல் போலத் தெரியும். ஆனால் தொடைப்பகுதிக் குடலிறக்கம் கைக்குழந்தைகளுக்கும் வரும், டான்சிலும் அடினாய்டும் மூன்று நான்கு வயதில் அடிக்கடி வரும். ஜூலை 20-ல் சேர்த்தால் 24 மாதம் ஜூலை 2028-ல் முடிகிறது. டிசம்பரில் சேர்த்தால் நவம்பர் 2028 கடைசி வரை போகும்.

முதல் 30 நாள் காத்திருப்பு தனி. சில பாலிசிகள் புதிதாகச் சேரும் குழந்தைக்கு அதை விட்டுக்கொடுக்கின்றன, பல விடுவதில்லை. விடாத பாலிசி என்றால் விபத்து தவிர மற்ற எதற்கும் ஆகஸ்ட் 19-க்குப் பிறகுதான் கிளெய்ம் செல்லும். டிசம்பரில் சேர்த்தால் அதுவே ஜனவரிக்குப் போய்விடும். நடுவில் மழைக்காலம். நிமோனியா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று கைக்குழந்தைகள் அதிகமாக அட்மிட் ஆகும் மாதங்கள் அவை. இரண்டு நாள் அட்மிஷன் பில்லோடு 1,340-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்மேகம்_கோவை:
புரிகிறது மேடம், இப்போதே சேர்க்கிறேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, ஃபார்மை இன்றைக்கே அனுப்பி வைக்கலாமா? இன்னொன்று, அவள் 34 வாரத்தில் பிறந்தாள், 1.9 கிலோ. என்.ஐ.சி.யு.வில் ஆறு நாள் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். இதையெல்லாம் எழுத வேண்டுமா? ஏஜென்ட் "அதெல்லாம் வேணாம் சார், ஹெல்தி பேபின்னு போடுங்க" என்கிறார்.

மருதாணி:
கட்டாயம் எழுதுங்கள். இதில் ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். குழந்தையின் ஆரோக்கிய விவரப் பகுதியில் எத்தனை வாரம், பிறப்பு எடை, என்.ஐ.சி.யு.வில் இருந்த நாட்கள், காரணம் எல்லாவற்றையும் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இணையுங்கள். பிறகு எப்போதாவது மூச்சுத்திணறல் என்று அட்மிட் செய்தால், கேஷ்லெஸ் கோரிக்கையில் மருத்துவமனை "குறைமாதத்தில் பிறந்த குழந்தை" என்று ஒரு வரி எழுதும். உடனே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்பார்கள். ஃபார்மில் ஹெல்தி என்று இருந்து சம்மரியில் என்.ஐ.சி.யு. இருந்தால், விவரத்தை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுப்பார்கள். அந்த நேரத்தில் ஏஜென்ட் சொன்னார் என்பது எங்கேயும் எடுபடாது. அறுபது மாதம் தொடர்ந்து கவரேஜில் இருந்த பிறகு மோசடி தவிர வேறு காரணம் சொல்லி மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஆனால் மகளுக்கு அந்த அறுபது மாதமும் அவள் சேர்ந்த நாளிலிருந்துதான்.

எழுதினால் என்ன ஆகும் என்றால், கம்பெனியில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டர் குழந்தை மருத்துவரின் இப்போதைய குறிப்பைக் கேட்கலாம். எடை, வளர்ச்சி, கண் பரிசோதனை, ஏதாவது மருந்து தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த செக்கப்பிலேயே மருத்துவரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கிவிட்டால் ஒரு சுற்று மெயில் மிச்சம்.

ஏட்டுச்சுவடி:
இன்றைக்கே ஃபார்ம் அனுப்புவது பற்றி: நுழைவு வயது வராமல் அனுப்பினால் "தகுதி இல்லை" என்று கோரிக்கையை மூடிவிடுவார்கள். நீங்கள் வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே எதுவும் நகராது. ஜூலை 20 அல்லது 21 அன்று அனுப்புங்கள். அதுவரை காகிதங்களைத் தயார் செய்யுங்கள்: உறுப்பினர் சேர்க்கும் எண்டோர்ஸ்மென்ட் ஃபார்ம், பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருதாணி மேடம் சொன்ன மருத்துவர் குறிப்பு.

கம்பெனிக்கு இன்றைக்கே எழுத வேண்டிய மெயில் ஒன்று உண்டு. "என் திட்டத்தில் பாலிசி நடுவில் பிறந்த குழந்தையைச் சேர்க்கலாமா, குழந்தைக்கு எத்தனை நாள் நிறைந்திருக்க வேண்டும், குழந்தை பிறந்து எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்" என்று மூன்றே கேள்வி. சில திட்டங்களில் நடுவில் சேர்க்கவே வழி இருக்காது, ரினியூவலில் மட்டும்தான். வேறு சிலவற்றில் கேட்பதற்குக் கடைசி நாள் இருக்கும், அது தாண்டினாலும் ரினியூவல்தான். போனில் கேட்ட பதிலை நம்ப வேண்டாம்.

நிலாமுற்றம்:
பிறப்புச் சான்றிதழ்ல பேரு இன்னும் ஏறலைன்னா?

ஏட்டுச்சுவடி:
பெயர் இல்லாத சான்றிதழே செல்லும், பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும்தான் முக்கியம். ஆனால் அப்படிச் சேர்த்தால் பாலிசியில் "இன்னாருடைய குழந்தை" என்று பதிவாகும். பிறகு மருத்துவமனையில் வைத்த பெயரில் அட்மிட் செய்வீர்கள், கேஷ்லெஸ் மேஜையில் பெயர் பொருந்தவில்லை என்று நிற்கும். முடிந்தால் ஜூலை 20-க்குள் பெயரைச் சான்றிதழில் ஏற்றிவிடுங்கள். பிறந்து 12 மாதம் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் சான்றிதழ்படியே ஃபார்மில் எழுதுங்கள்.

செம்பருத்தி_62:
தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? ரேஷன் கார்டில் குழந்தை பெயரைச் சேர்த்துவிட்டால் காப்பீட்டு அட்டையிலும் ஏறிவிடும். பிரீமியம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மருதாணி:
ஐயா, நீங்கள் சொல்வது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அதற்குப் பிரீமியத்தை அரசே கட்டுகிறது, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. கார்மேகம் கேட்பது சொந்தப் பணத்தில் எடுத்த பாலிசி பற்றி. இரண்டும் வேறு. ஆனாலும் அந்த அட்டை உள்ளவர்கள் ரேஷன் கார்டில் குழந்தை பெயரைத் தாமதிக்காமல் சேர்ப்பது நல்லதுதான்.

கார்மேகம்_கோவை:
கம்பெனி பதில் வந்துவிட்டது. நடுவில் சேர்க்கலாம், 91 நாள் நிறைய வேண்டும், பிறந்து 180 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கவரேஜ் எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டும் "ஒப்புதலுக்குப் பிறகு" என்று விட்டுவிட்டார்கள்.

ஏட்டுச்சுவடி:
அந்த வரியைக் கவனியுங்கள். நீங்கள் ஜூலை 20-ல் ஃபார்ம் கொடுத்து, அவர்கள் ஆகஸ்ட் 5-ல் ஒப்புக்கொண்டு பணம் வாங்கினால், கவரேஜ் ஆகஸ்ட் 5-லிருந்துதான். ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 30 வரை 118 நாள், எனவே அவர்கள் கேட்க வேண்டியது 1,180. பணம் கட்டும் இணைப்பு வந்ததும் தொகையை 10-ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வருகிறதோ, அதை நவம்பர் 30-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அவர்கள் எந்தத் தேதியை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 1,340 வாங்கிக்கொண்டு எண்டோர்ஸ்மென்டில் ஆகஸ்ட் 5 என்று போட்டிருந்தால் உடனே மெயில் போடுங்கள். தொகைக்கும் தேதிக்கும் பொருத்தமில்லாமல் போவது இங்கே அதிகமாக நடக்கும் பிழை. 30 நாள் காத்திருப்பும் 24 மாதமும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

எண்டோர்ஸ்மென்ட் தாள் கைக்கு வந்ததும் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண், சேர்ந்த தேதி நான்கையும் சரிபாருங்கள்.

வைகைக்கரை:
ரினியூவல்ல மட்டும்தான் சேர்க்க முடியும்னு இருக்கிறவங்க என்ன பண்றது?

மருதாணி:
அவர்கள் கவனிக்க வேண்டியது ஆட்டோ டெபிட். ரினியூவல் நோட்டீஸ் பழைய இரண்டு பேர் கணக்கில்தான் வரும். வங்கியிலிருந்து அந்தப் பழைய தொகை தானாகக் கழிந்துவிட்டால் பாலிசி இரண்டு பேருக்கே புதுப்பிக்கப்பட்டுவிடும், குழந்தை வெளியே நிற்கும். பிறகு நடுவில் சேர்க்க வழியில்லை என்று இன்னொரு வருடம் போய்விடும். நோட்டீஸ் வந்த அன்றே குழந்தையைச் சேர்க்கும் கோரிக்கையைக் கொடுத்து, திருத்திய தொகையோடு புது நோட்டீஸ் வந்த பிறகுதான் கட்ட வேண்டும். ஆட்டோ டெபிட்டை அந்தத் தவணைக்கு நிறுத்தி வையுங்கள். ஆனால் கடைசித் தேதியைத் தாண்டவிடாதீர்கள்.

தாமரைக்குளம்:
மூணு பேர் ஆகிட்டோம், 10 லட்சம் பத்துமா? சேர்க்கும்போதே 15 ஆக்கிடலாமா?

ஏட்டுச்சுவடி:
தொகையை உயர்த்துவது பொதுவாக ரினியூவலில்தான். கூடுதலாகும் 5 லட்சத்துக்கு உங்களுக்கும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும், பழைய 10 லட்சத்துக்குப் பாதிப்பில்லை. என் அபிப்பிராயத்தில் இப்போது உறுப்பினரைச் சேருங்கள், டிசம்பரில் தொகையைப் பற்றி யோசியுங்கள். இரண்டையும் ஒரே ஃபார்மில் கேட்டால் இரண்டும் சேர்ந்து தாமதமாகும்.

மருதாணி:
இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அடுத்த குழந்தையும் வரலாம் என்று நினைப்பவர்கள் அடிப்படைத் தொகையை ஏற்றுவதை விட, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் கொடுக்கும் டாப்-அப் எடுப்பது மலிவாக வரும். அது தனிப் பாலிசி என்பதால் டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:
டாப்-அப்பில் குழந்தையின் நுழைவு வயதும் காத்திருப்பும் வேறாக இருக்கும். இரண்டு பாலிசியிலும் குழந்தை சேர்ந்த தேதி வேறு வேறானால் பெரிய கிளெய்ம் வரும்போது ஒன்று கொடுக்கும், ஒன்று கொடுக்காது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வேன்.

கார்மேகம்_கோவை:
மருத்துவர் குறிப்புக்கு வரும் வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். பெயர் சேர்க்க மாநகராட்சியில் மனு கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம்: பாலிசியில் 2 லட்சம் போனஸ் சேர்ந்திருக்கிறது. அது மகளுக்கும் இந்த வருடமே பயன்படுமா?

மருதாணி:
இது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஃப்ளோட்டரின் போனஸ் மொத்தக் குடும்பத்துக்கும் பொது என்று எழுதியிருக்கும் பாலிசியும் உண்டு, போனஸ் சேர்ந்த காலத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் பாலிசியும் உண்டு. உங்கள் பாலிசி வாசகத்தில் போனஸ் பகுதியை அப்படியே இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.